ஒரே பல்லுக்கு மூன்று நீளம்

மேல்வரிசையின் நடுவில் இருக்கும் முன்பல்லை எடுத்துக்கொள்வோம். கடிக்கும் விளிம்பிலிருந்து வேர்நுனி வரை அதன் சராசரி நீளம் ஏறத்தாழ 22.5 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் எலும்புக்குள் புதைந்திருக்கிறது. ரூட் கேனால் செய்யும் மருத்துவர் வேர்நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே கருவியை நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் எலும்பைக் குத்தும். மிகவும் முன்பே நின்றால் கிருமி உள்ளேயே தங்கிவிடும். இந்த நீளத்தை அறிய அவர் முதலில் பார்ப்பது எக்ஸ்ரே. ஆனால் இதே பல் ஒரு படத்தில் 29 மில்லிமீட்டராகவும் இன்னொரு படத்தில் 17 மில்லிமீட்டராகவும் விழலாம். இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருக்காது. கதிர் எந்தக் கோணத்தில் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

எக்ஸ்ரே படம் என்பது பல்லின் நிழல். சூரியன் தாழ்ந்திருக்கும் மாலையில் நம் நிழல் நீள்கிறது, உச்சி வெயிலில் காலடியில் சுருங்குகிறது. எக்ஸ்ரே குழாயைத் தாழ்த்திப் படுக்கையாகப் பிடித்தால் பல் நீண்டும், உயர்த்திச் செங்குத்தாகச் சாய்த்தால் குறுகியும் விழுவது இதே காரணத்தால்தான்.

பல்லுக்குச் சரியாக இணையாகப் பிலிமை வைத்துவிட்டால் சிக்கலே இல்லை. ஆனால் மேல் அண்ணம் வளைந்தது. முன்பல்லின் பின்புறம் பிலிமை ஒட்டி வைத்தால் அதன் கீழ்விளிம்பு பல்லின் நுனியைத் தொடும். மேல்விளிம்பு அண்ணத்தில் இடித்துப் பின்னோக்கிச் சாயும். பல்லும் பிலிமும் நுனியில் சேர்ந்து வேர்ப்பக்கம் விரியும். அந்த விரிவு 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கதிரைப் பல்லுக்குச் செங்குத்தாக விட்டால் சாய்ந்து நிற்கும் பிலிமில் வேர்நுனியின் நிழல் தள்ளிப்போய் விழும்: 29.4 மில்லிமீட்டர். பிலிமுக்குச் செங்குத்தாக விட்டால் 17.2 மில்லிமீட்டர். இரண்டுமே தவறு.

இதற்கு 1907-ல் வழி சொன்னவர் அந்தோனி சிஷின்ஸ்கி என்ற போலந்து பல் மருத்துவர். (1941-ல் லுவோவ் நகரில் ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்ற பேராசிரியர்களில் இவரும் ஒருவர்.) பல்லுக்கும் பிலிமுக்கும் இடையிலுள்ள கோணத்தை மனதுக்குள் இரண்டாக வெட்டுங்கள், அந்த வெட்டுக்கோட்டுக்குச் செங்குத்தாகக் கதிரை விடுங்கள் என்றார். பள்ளியில் படித்த இருசமபக்க முக்கோணம்தான் இது. பல் ஒரு பக்கம், பிலிமில் விழும் நிழல் மறுபக்கம். கோட்டுக்கு இருபுறமும் 20 டிகிரி சமமாக இருப்பதால் இரு பக்கமும் சமமாகிவிடும். 22.5 மில்லிமீட்டர் பல், 22.5 மில்லிமீட்டர் நிழல். இருசமவெட்டி முறை, கிளினிக்கில் சொல்வதானால் பைசெக்டிங் டெக்னிக், இதுதான்.

கணக்கு அழகானது. அந்த வெட்டுக்கோடு மட்டும் வாய்க்குள் எங்கேயும் வரைந்து வைக்கப்படவில்லை. வேர் எலும்புக்குள் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று தெரியாமலே அதை ஊகிக்க வேண்டும். ஊகம் 10 டிகிரி பிசகி, குழாய் தாழ்ந்துவிட்டால் பல் 25.6 மில்லிமீட்டராக நீளும். அதே அளவு உயர்ந்துவிட்டால் 19.8 ஆகக் குறுகும். மூன்று மில்லிமீட்டர் என்பது ரூட் கேனாலில் பெரிய தூரம்.

ஊகத்தைத் தவிர்க்க, ஒவ்வொரு பல்லுக்கும் இத்தனை டிகிரி என்ற அட்டவணை பாடப்புத்தகங்களில் உண்டு. மேல் முன்பல்லுக்குக் குழாயை 40 டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்கச் சொல்வார்கள். கடிக்கும் தளம் தரைக்கு இணையாக இருந்தால்தான் அந்த எண் செல்லும். நோயாளி வாயைத் திறக்கும்போது தன்னையறியாமல் மோவாயை 10 டிகிரி தூக்கிவிட்டால் 40 என்பது 30 ஆகிவிடும், பல் நீண்டுவிடும். தலையைக் குனிந்தால் குறுகிவிடும். “கொஞ்சம் கன்னத்தை நேரா வைங்க, ஆடாதீங்க” என்று டெக்னீஷியன் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு பிழை விரலில் இருந்து வரும். இம்முறையில் பிலிமை நோயாளியின் விரலாலேயே அழுத்திப் பிடிக்கச் சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் பிலிம் அண்ணத்தின் வளைவுக்கேற்ப வளையும். அப்போது வெளியே தெரியும் பகுதி சரியாகவும் வேர் மட்டும் இழுத்துவிட்டது போலவும் விழும். அதோடு அந்த விரலும் தேவையில்லாமல் கதிர் வாங்குகிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதே என் எண்ணம். பிலிமைப் பிடிக்க ஹோல்டர் இருக்கும்போது விரலுக்கு அங்கே வேலையில்லை.

இணை முறை, அதாவது பேரலலிங் டெக்னிக், அந்த ஹோல்டரை நம்பித்தான் நிற்கிறது. பிலிமைப் பல்லோடு ஒட்டாமல், அண்ணம் உயரமாக இருக்கும் உட்பகுதிக்குத் தள்ளி, பல்லுக்கு இணையாக நிறுத்துகிறார்கள். ஹோல்டரின் கம்பியில் இருக்கும் வளையத்தோடு குழாயின் வாயைப் பொருத்திவிட்டால் கதிர் பல்லுக்கும் பிலிமுக்கும் ஒருசேரச் செங்குத்தாகிவிடும். ஊகிக்க எதுவும் மிச்சமில்லை.

ஆனால் பிலிம் பல்லைவிட்டு விலகினால் நிழல் பெரிதாகும். கதிர் புறப்படும் இடம் பிலிமிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்து, பல் பிலிமுக்கு 2.5 சென்டிமீட்டர் முன்னால் நின்றால் நம் 22.5 மில்லிமீட்டர் பல் 25.7 ஆகும். தூரத்தை 40 சென்டிமீட்டராக்கினால் அதே பல் 24 தான். இந்த முறைக்கு நீண்ட கோன் வந்தது இதனால்தான். 1947-ல் கார்டன் ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைப் பரவலாக்கினார். மிச்சமிருக்கும் பெருக்கம் படம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும், வடிவம் கெடாது. அண்ணம் தாழ்ந்திருப்பதால் பிலிம் 20 டிகிரி வரை சாய்ந்தாலும் பிழை ஆறு சதவீதத்தைத்தான் தொடும்.

கையில் இருக்கும் படத்தைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். வேர்கள் மெலிந்து நீண்டு, நுனி பிலிமுக்கு வெளியே போய்விட்டால் குழாய் தாழ்ந்திருந்தது. வேர்கள் கட்டைகுட்டையாக, கடைவாய்ப்பல்லின் மேடுகள் மேலிருந்து பார்ப்பதுபோலத் தனித்தனியாகத் தெரிந்தால் குழாய் உயர்ந்திருந்தது. மேல் கடைவாய்ப்பல்லாக இருந்தால் கன்ன எலும்பின் வெள்ளை நிழலும் வேர்நுனிமீது ஏறி நிற்கும்.

வேருக்குள் ஃபைலை விட்டு எடுத்த படமாக இருந்தால் நீளத்தை மீட்கவும் முடியும். வாயில் 20 மில்லிமீட்டர் போன ஃபைல் படத்தில் 22.8 என்று நீண்டு, பல் 25.6 என்று தெரிகிறது என்றால், 20-ஐ 25.6-ஆல் பெருக்கி 22.8-ஆல் வகுத்தால் உண்மையான 22.5 கிடைத்துவிடும். ஃபைலும் பல்லும் ஒரே விகிதத்தில் நீண்டிருப்பதால் இது சாத்தியமாகிறது. இதோடு அபெக்ஸ் லொகேட்டர் என்ற மின்கருவியின் அளவையும் ஒப்பிட்டே இன்று மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

இணை முறைதான் முதல் தேர்வு. ஆனால் சிறு குழந்தையின் வாய், மிகத் தாழ்ந்த அண்ணம், ஹோல்டர் உள்ளே போனதுமே குமட்டல் வருபவர் என்று வந்தால் இருசமவெட்டி முறையைத்தான் நாட வேண்டியிருக்கும். நீளமும் ஓரளவு கிடைத்துவிடும். ஈறு நோயில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது, வேர்நுனிப் புண் ஆறு மாதத்தில் ஆறியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது போதாது. இரண்டு படங்களும் வெவ்வேறு கோணத்தில் எடுக்கப்பட்டால், எலும்பு வளர்ந்ததா குழாய் சாய்ந்ததா என்று சொல்ல முடியாது. அந்த வேலைக்கு அதே ஹோல்டரில், அதே இடத்தில் எடுத்த இணை முறைப் படத்தையே கேட்டு வாங்க வேண்டும்.