எடை தெரியாத மதிப்பெண் பட்டியல்

கடந்த ஆண்டு கல்வியாண்டின் நடுவில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். முன்பு படித்தது வேறொரு பாடத்திட்டப் பள்ளி. மாற்றுச் சான்றிதழ் இருந்தது. முதல் பருவத் தரநிலை அதில் இல்லை. கணக்கு மதிப்பெண்ணை மட்டுமாவது அனுப்புங்கள் என்று அந்தப் பள்ளி ஆசிரியையிடம் கேட்டேன். அவர் தம் கோப்பிலிருந்த வரிசையை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒட்டி அனுப்பினார்.

செயல்பாடு 88, 92, 90. சிறு தேர்வு 83, 87. பருவத் தேர்வு 55.

எல்லாம் நூற்றுக்கு என்று ஒரு வரி இருந்தது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை, அதாவது வெயிட்டேஜ், என்று எதுவும் இல்லை. நான் ஆறு எண்களையும் எக்செல்லில் ஒட்டி AVERAGE போட்டேன். 82.5 வந்தது. 81 முதல் 90 வரை ஏ2. அவள் அம்மாவிடமும் ஏ2 என்றே சொல்லிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து இயற்கணிதத்தில் ஒரு சிறு தேர்வு வைத்தேன். பாதிக்கு மேல் விடை எழுதாமல் விட்டிருந்தாள். ‘ஏ2 வாங்கிய பிள்ளை, புதுப் பள்ளியில் கவனம் இல்லை’ என்று நினைத்துக் கடிந்துகொண்டேன். அன்று மாலை பட்டியலை மறுபடி பார்த்தபோதுதான் கடைசியில் இருந்த 55 கண்ணில் பட்டது. தவறு அவளுடையது அல்ல, என் கூட்டலுடையது.

எடை போடாமல் விட்டாலும் எடை இருக்கிறது

ஆறு எண்களைக் கூட்டி ஆறால் வகுக்கும்போது நாம் எடையே போடவில்லை என்று தோன்றும். உண்மையில் போட்டுவிடுகிறோம். செயல்பாட்டில் மூன்று எண்கள் இருப்பதால் அதற்கு ஆறில் மூன்று பங்கு, அதாவது பாதி எடை. சிறு தேர்வுக்கு ஆறில் இரண்டு பங்கு. பருவத் தேர்வுக்கு ஆறில் ஒரு பங்குதான், ஏறத்தாழ 17 விழுக்காடு. பொதுவாகப் பள்ளிகள் பருவத் தேர்வுக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பதில்லை. அந்த ஆசிரியை இன்னும் இரண்டு செயல்பாடுகள் நடத்தியிருந்தால் என் கணக்கில் 55இன் பங்கு மேலும் சுருங்கியிருக்கும்.

எனவே முதல் வேலை, ஒரே வகை எண்களை ஒன்றாகச் சேர்ப்பது. செயல்பாடுகளின் சராசரி 90. சிறு தேர்வுகளின் சராசரி 85. பருவத் தேர்வு 55. இப்போது நம் கையில் ஆறு எண்கள் இல்லை, மூன்றுதான்.

இந்த மூன்றுக்கும் சம எடை கொடுத்தால் 76.7 வருகிறது, பி1. நம் பள்ளிகளில் வளரறி மதிப்பீடு (அ) 20, (ஆ) 20, தொகுத்தறி மதிப்பீடு 60 என்று போடுகிறோம். அப்படிப் போட்டால் 18 + 17 + 33 = 68; பி2. ஆக ஒரே பட்டியல், ஒரே பிள்ளை, மூன்று தரநிலைகள்: ஏ2, பி1, பி2.

எக்செல்லில் முதல் வரிசையில் எடைகளையும் இரண்டாம் வரிசையில் மதிப்பெண்களையும் இட்டு இதைச் செய்யலாம்.

```
=SUMPRODUCT(B1:D1,B2:D2)/SUM(B1:D1)
```

எடைகளை மாற்ற மாற்ற விடை எப்படி நகர்கிறது என்று உடனே பார்க்க முடியும்.

எந்த எடை தெரிய வேண்டும்?

எடை எதுவாக இருந்தாலும் இறுதி மதிப்பெண் மிகக் குறைந்த பகுதிக்கும் மிக உயர்ந்த பகுதிக்கும் இடையில்தான் இருக்கும். இங்கே 55க்கும் 90க்கும் நடுவில். இந்த இடைவெளி முழுதும் ஒரே தரநிலைக்குள் அடங்கினால் எடையைப் பற்றிக் கவலையே இல்லை. 84, 86, 88 வாங்கிய பிள்ளைக்கு எந்த எடை போட்டாலும் ஏ2தான். இந்த மாணவிக்கு அப்படி இல்லை. 55க்கும் 90க்கும் இடையில் நான்கு தரநிலைகள் கிடக்கின்றன.

ஆனால் செயல்பாடும் சிறு தேர்வும் 90, 85 என்று அருகருகே இருக்கின்றன. தனித்து நிற்பது 55 மட்டும். ஆகவே பருவத் தேர்வின் எடை ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும். மற்ற இரண்டுக்கும் சம எடை என்று வைத்துப் பார்த்தேன். அவற்றின் சராசரி 87.5; பருவத் தேர்வுக்கும் அதற்கும் வேறுபாடு 32.5. பருவத் தேர்வின் எடை 10 விழுக்காடு கூடும்போதெல்லாம் இறுதி மதிப்பெண் 3.25 குறையும்.

பருவத் தேர்வுக்கு 50 என்றால் 71.25, பி1
60 என்றால் 68, பி2
80 என்றால் 61.5, பி2
90 என்றால் 58.25, சி1

இதைப் பார்த்தபின் அந்த ஆசிரியையிடம் நீளமாக விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. “டீச்சர், உங்க பள்ளியில பருவத் தேர்வுக்கு நூற்றுக்கு எவ்வளவு வெயிட்டேஜ்?” என்று மட்டும் கேட்டேன். “எண்பது சார், மீதி இருபதுதான் மற்றதெல்லாம்” என்றார். அந்த இருபதை எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. முழுவதும் செயல்பாட்டுக்கு என்றால் 62. முழுவதும் சிறு தேர்வுக்கு என்றால் 61. எப்படிப் பிரித்தாலும் பி2தான்.

ஒட்டிய பட்டியலில் வரும் சிக்கல்கள்

என் பட்டியலில் ‘எல்லாம் நூற்றுக்கு’ என்று இருந்தது நல்வாய்ப்பு. பல நேரம் அதுவும் இருக்காது. 18 என்று மட்டும் இருந்தால் அது 20க்கா, 25க்கா என்று தெரியாது. அப்போது எடைக்கு முன்பு மொத்த மதிப்பெண்ணைத்தான் கேட்க வேண்டும்.

8/10 என்று எழுதியதை எக்செல்லில் ஒட்டினால் அது தேதியாக மாறிவிடும். வாட்ஸ்ஆப்பிலிருந்து ஒட்டும் எண்கள் சில நேரம் எழுத்தாகவே தங்கிவிடும். AVERAGE அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அந்த ஐயம் வர வேண்டும். வெற்றுக் கட்டமும் அப்படித்தான். AVERAGE அதைக் கணக்கில் சேர்க்காது. மேலே சொன்ன SUMPRODUCT அதைச் சுழியமாகக் கொள்ளும். பிள்ளை தேர்வுக்கு வரவில்லையா, வந்து சுழியம் வாங்கினாளா என்பதைக் கேட்டறிந்த பிறகே நிரப்ப வேண்டும்.

பதில் வரவே இல்லை என்றால்? என் குறிப்பேட்டில் இப்போது தரநிலையை மட்டும் எழுதுவதில்லை. ‘பி2, எடை 20:20:60 எனக் கொண்டு; பருவத் தேர்வு எடை 50க்குக் குறைந்தால் பி1’ என்று பென்சிலில் எழுதிவைக்கிறேன். பதிவேட்டில் ஏற்றுவது எடை உறுதியான பிறகுதான்.

அவள் அம்மாவை மறுநாள் வரச் சொல்லி, ஏ2 என்று சொன்னது என் தவறு என்றேன். பி2 என்பதைவிட முக்கியமாக, செயல்பாட்டில் 90 வாங்குகிறவள் எழுத்துத் தேர்வில் 55இல் நிற்கிறாள் என்பதைக் காட்டினேன். அவர் சற்று யோசித்து, “வாயால கேட்டா சொல்லிடுவா சார், எழுதத்தான் திணறுவா” என்றார். அன்று முதல் இயற்கணிதக் கணக்குகளை அவள் முதலில் வாயால் சொல்லி, பிறகு படிப்படியாக எழுதினாள். அந்த 55ஐச் சராசரிக்குள் புதைத்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.