படத்தின் கீழ் ஒரு வாசகம்

சென்ற கிழமை எமது மேசைக்கு ஒரு படம் வந்து சேர்ந்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மொட்டைமாடி. கொடியிலே ஒரு சேலையும் பிள்ளைகளின் சட்டைகளும் காய்கின்றன. இடப்புறம், புகையிரதப் பாதைக்கு அப்பால், கடல். வலப்புறத்து வானமோ கன்னங்கரேலென்று இருண்டு கிடக்கின்றது. மதிலோரமாக ஒரு சிறுமி முகத்தை நிமிர்த்தி நிற்கிறாள். ஏப்பிரல் முற்பகுதியில், பிற்பகல் நான்கு மணியளவில் எடுத்ததென்று பின்புறத்தில் குறிப்பு இருந்தது.

"கோடையின் முதல் மழை வருகிறது" என்று எழுதினோம். படத்தை மறுபடி நோக்கியதும் பேனா நின்றுவிட்டது. காரணம் அந்தச் சேலை.

கொழும்புக் கரையில் வெயில் நாட்களில் பிற்பகற் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் என்பதை யாவரும் அறிவர். அப்படியாயின் சேலை முகிலின் பக்கமாகப் பறக்க வேண்டும். படத்திலோ அது கடலை நோக்கி நீண்டு பறக்கின்றது. காற்று திசை மாறிவிட்டது!

இந்நாட்களிலே சூரியன் எமது தலைக்கு நேர்மேலே வருகின்றான். ஏப்பிரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்முனையில் உச்சங்கொண்டு, பத்து நாட்களுக்குள் யாழ்ப்பாணத்தைக் கடந்து வடக்கே செல்கின்றான். காய்ந்த நிலத்தின்மேல் சூடேறிய காற்று மேலெழுகின்றது. கடற்காற்று ஈரத்தைக் கொண்டுபோய் அதற்கு ஊட்டுகின்றது. பிற்பகலில் உள்நாட்டிலே முகில் கோபுரம்போல் எழுந்து, சில வேளைகளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேலும் வளர்ந்துவிடும். அதன் அடி கறுப்பாகத் தோன்றுவது நீரின் நிறத்தினால் அன்று. அத்தனை தடிப்பினூடே வெயில் கீழிறங்க முடியாமையினாலேயே. இதே முகிலை எட்டத்தில் வெயிற்புறமாக நின்று காண்பவருக்கு அது பஞ்சுபோல வெள்ளையாகத் தெரியும்.

இனிச் சேலைக்கு வருவோம். முகிலிலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகின்றது. மண்பானையின் நீர் குளிர்வதைப் போலவே, அப்போது சுற்றியுள்ள காற்றும் குளிர்கின்றது. குளிர்ந்த காற்றுக்குப் பாரம் அதிகம். அது கீழே விழுந்து, தரையில் மோதி, வாளித் தண்ணீரை முற்றத்தில் ஊற்றியது போல நாற்புறமும் பரவுகின்றது. மாடியில் நிற்பவர் "அப்பாடா!" என்று அனுபவிக்கும் அந்தக் குளிர்காற்று, வேறோர் ஊரில் விழுந்துகொண்டிருக்கும் மழை அனுப்பியது.

மண்வாசனையும் அவ்வாறே. ஒரு துளிதானும் விழுமுன் அது எப்படி வருகிறதென்று பிள்ளைகள் கேட்பதுண்டு. வறட்சியில் மண்ணிலும் கல்லிலும் படிந்த எண்ணெய்ப் பொருள்களும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளும் சேர்ந்ததே அம்மணம். 1964ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பெயர், தோமஸ் என்னும் இரு ஆய்வாளர் அதற்குப் 'பெற்றிக்கோர்' என்று பெயரிட்டனர். அங்கே நனைந்த மண்ணின் மணத்தையே காற்று இங்கே சுமந்து வருகின்றது. ஆகவே "மழை வருகிறது" என்று நாம் எழுதியது அரைகுறையான செய்தி. மழை எங்கோ பெய்துகொண்டிருக்கின்றது.

இங்கும் பெய்யுமா? அதை உறுதியாகச் சொல்ல இயலாது. பரவும் குளிர்காற்று சில வேளைகளில் முகிலுக்கு ஊட்டமளித்த வெப்பக் காற்றை அடியோடு அறுத்துவிடும். அப்போது முகிலின் கரிய அடி கிழிந்து சாம்பல் நிறமாகும். இடியோசை எட்டப் போகும். கொடியிலுள்ள துணி நனையாமலே தப்பிவிடும். சில வேளைகளில் அதே காற்று, வழியில் உள்ள வெப்பக் காற்றை மேலே தள்ளிப் புதியதொரு முகிலை எழுப்புவதும் உண்டு. அந்நாளில் கால் மணி நேரத்தில் முற்றம் வெள்ளமாகும்.

அந்தச் சிறுமியைப் பற்றிய எண்ணமே எமக்குப் பெரிதாயிற்று. இலங்கையில் இடிமின்னல் மிகுந்த காலம் இந்த மார்ச், ஏப்பிரல் மாதங்களே. மின்னல் மழையோடு சேர்ந்துதான் விழும் என்பதில்லை. மழைத் திரைக்குப் பத்துக் கிலோமீற்றர் அப்பாலும் விழக்கூடும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கினால், இடி கேட்கும்வரை செல்லும் ஒவ்வொரு மூன்று விநாடியும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முப்பதை எண்ணுமுன் இடி கேட்டால், திறந்த மாடியில் நிற்றல் ஆகாது. கம்பிக் கொடியைத் தொடுதலும் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் சென்ற பின்னரே மேலே ஏறலாம். குளிர்காற்று வீசும் அந்த இனிய வேளையே, முகில் கிட்டி வந்துவிட்ட வேளையும் ஆகும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

முதல் வரியை அடித்துவிட்டு, வேறொன்று எழுதி அச்சுக்கு அனுப்பினோம்:

"காற்றும் மணமும் முந்தி வந்துவிட்டன. சேலை கிடக்கட்டும், நீ கீழே இறங்கு, பிள்ளை."