வாயில் காம்பு இருந்தால் போதுமா?

பிரசவ வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது, எதையும் தொடாமல் பார்ப்பது. குழந்தை அழுததும் தாயின் மார்பை ஒரு கையிலும் குழந்தையின் தலையை இன்னொரு கையிலும் பிடித்து அழுத்திவிடும் அவசரம் நம் வார்டுகளில் அதிகம். அப்படிச் செய்தால் குழந்தை தானாக எப்படிப் பிடிக்கிறது என்பது தெரியாமலே போய்விடும். பின்தலையை அழுத்தினால் பல குழந்தைகள் தலையைப் பின்னுக்குத் தள்ளி முரண்டு பிடிக்கவும் செய்யும்.

எதைப் பார்ப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் பயிற்சிப் பாடங்கள் நான்கு அடையாளங்களைச் சொல்கின்றன. குழந்தையின் வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்க வேண்டும். தாடை மார்பைத் தொட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகமாகத் தெரிய வேண்டும். நான்குக்கும் காரணம் ஒன்றுதான். காம்பு மட்டுமல்ல, கருவளையத்தின் கணிசமான பகுதியும் வாய்க்குள் போனால்தான் காம்பின் நுனி மென்மையான உள்ளண்ணம் வரை எட்டும், பாலும் தாராளமாக வரும். காம்பை மட்டும் கவ்வினால் அது நாக்குக்கும் கெட்டியான முன்னண்ணத்துக்கும் நடுவே நசுங்கும். தாய்க்கு வலி, குழந்தைக்குக் கிடைப்பதோ கொஞ்சம் பால்.

வகுப்பில் துணியால் செய்த மார்பையும் பொம்மையையும் வைத்துக் காட்டுவார்கள். உட்காரும் விதம், பிடிக்கும் விதம் சொல்லித்தர அது போதும். ஆனால் பொம்மை வாயைத் திறக்காது, விழுங்கும் ஓசையும் தராது. அந்த இரண்டுக்கும் வீடியோவையும் நிஜத் தாயையும்தான் நம்ப வேண்டும்.

பாடத்துக்காக ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்வோம். சிசேரியன் ஆகி மூன்றாம் நாள். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை இப்போது 2 கிலோ 790 கிராம். "பால் பத்தலைம்மா, பால் பவுடர் வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்கிறார் பாட்டி. எடை குறைந்திருப்பது 7 சதவீதம். முதல் சில நாட்களில் இவ்வளவு குறைவதைக் காண்பதுண்டு. ஆனாலும் பால் குடிப்பதைக் கவனித்தே தீர வேண்டிய அளவு இது. மாணவி பார்க்கிறாள். உதடுகள் குவிந்திருக்கின்றன. கன்னம் குழிவிழுகிறது. 'டக், டக்' என்று நாக்கு விலகும் ஓசை. மூக்கு அடைத்துவிடுமோ என்ற பயத்தில் தாய் இரண்டு விரல்களைக் கத்தரிபோல வைத்துக் கருவளையத்தை அழுத்துகிறார். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு தட்டையாகச் சரிந்து வருகிறது.

"அக்கா, கொஞ்சம் நிறுத்திட்டுத் திரும்ப வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டே மாணவி அருகில் போகிறாள். மீண்டும் கவ்விய குழந்தையை இழுக்கக் கூடாது. தாய் தன் சுத்தமான விரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்தால் பிடி தளரும். வயிற்றுத் தையலில் படாமலிருக்கக் குழந்தையைத் தாயின் கக்கத்தின் கீழ் படுக்கவைக்கலாம். தாயின் கட்டைவிரல் மார்பின் மேலே, மற்ற நான்கு விரல்கள் கீழே, கருவளையத்தைவிட்டுத் தள்ளி. காம்புக்கு நேரே குழந்தையின் மூக்கு வரட்டும். காம்பு மேலுதட்டில் படும்போது வாய் ஆவென்று திறக்கும். அந்தக் கணத்தில் குழந்தையைத்தான் மார்புக்குக் கொண்டுவர வேண்டும், மார்பைக் குழந்தைக்கு அல்ல. தாடை முதலில் பதிய வேண்டும். சரியாகப் பிடித்துவிட்டால் ஆரம்பத்து வேக உறிஞ்சல் மெல்ல மாறும்: நீளமான இழுப்பு, விழுங்கல், சிறு ஓய்வு.

இதைப் பதிவு செய்ய 'லாட்ச்' என்ற மதிப்பெண் முறை 1994இல் அமெரிக்காவில் வெளியானது. பிடிப்பு, விழுங்கும் ஓசை, காம்பின் அமைப்பு, தாயின் வலி, தாய்க்குத் தேவைப்படும் உதவி ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். நம் தாய்க்கு முதலில் காம்பின் அமைப்புக்கு மட்டும் 2, மற்ற நான்குக்கும் ஒவ்வொன்று; மொத்தம் 6. மாற்றி வைத்த பிறகு பிடிப்பும் விழுங்கலும் இரண்டிரண்டாகி 8. காம்பின் சிவப்பு அதற்குள் மறையாது, உதவியும் இன்னும் தேவை.

இந்த எண்ணை நான் முழுதாக நம்பச் சொல்லமாட்டேன். காம்பு தட்டையாக உள்ள தாயின் குழந்தை அருமையாகக் குடித்தாலும் ஒரு மதிப்பெண் போய்விடும். பால் உள்ளே போகிறதா என்பதற்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்தாம் நாளுக்குள் கருமலம் மஞ்சளாக மாற வேண்டும்; அதன்பின் நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போக வேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்ட வேண்டும். மதிப்பெண் 8 வந்தாலும், எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் குழந்தை துவண்டு தூங்கினாலோ, மாணவி அடுத்த முறை பாலூட்டும்வரை காத்திருக்காமல் அப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.