ஒரே தவணை, இரண்டு பிடித்தம்

மாதத்தின் 5-ஆம் தேதி காலை 6 மணிக்குக் கடன் தவணையைக் கணக்கிலிருந்து பிடிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங் கட்டமைப்பில் நேரத் திட்டமிடலை இயக்கி, `@Scheduled` என்று நேரத்தோடு குறித்துவிட்டால், நேரம் வந்ததும் அது தானே ஓடும். எழுதியவரின் மடிக்கணினியில் ஒரே ஒரு பிரதிதான் ஓடுகிறது. அதனால் சோதனையில் பிழை தலைகாட்டாது.

நேரடிப் பயன்பாட்டில் நெரிசலைச் சமாளிக்க அதே நிரலை இரண்டு சர்வர்களில் ஓட்டுவார்கள். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தை மட்டுமே பார்க்கும். மற்றொன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 6 மணிக்கு இரண்டும் கிளம்பும், 3,000 ரூபாய்த் தவணைக்கு 6,000 ரூபாய் போய்விடும். பதிவேட்டில் ஒரே வேலை, ஒரே நொடியில், இரண்டு சர்வர் பெயர்களில் இருந்தால் காரணம் இதுதான்.

வழக்கமான தீர்வு, பொதுவான தரவுத்தளத்தில் ஒரு பூட்டு. `ShedLock` இப்படித்தான் இயங்குகிறது: முதலில் வரும் சர்வர் தன் பெயரை எழுதிப் பூட்டும்; அடுத்தது திரும்பிவிடும். பூட்டிய சர்வர் செயலிழந்தால் வேலை முடங்காதிருக்க, பூட்டுக்குக் காலக்கெடு உண்டு. சிக்கலும் அங்கேதான். கெடு 10 நிமிடம், வேலை 12 நிமிடம் என்றால், அந்த இடைவெளியில் வேறொரு சர்வர் அதே வேலையைத் தொடங்கிவிட முடியும்.

ஆகவே பணம் தொடர்பான வேலையில் பூட்டை மட்டும் நம்பக் கூடாது. கடன் எண்ணும் மாதமும் சேர்ந்த பதிவு ஒருமுறைதான் வரலாம் என்று தரவுத்தளத்திலேயே தடை போட்டு, அந்தப் பதிவு ஏறிய பிறகே பணத்தைப் பிடிக்க வேண்டும்.