கணிப்பான் சொன்னது சரிதானா?

எங்கள் கிளைக்கு ஒரு நாள் காலை, தையற்கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் நகைக்கடனைத் தீர்க்க வந்தார். கடன் தொகை 2,85,000 ரூபாய். ஆண்டு வட்டி 9.5 விழுக்காடு, கடன் பெற்று 118 நாட்கள் ஆகியிருந்தன. கையில் 2,95,000 ரூபாய் கொண்டு வந்திருந்தார். கூடவே, கழுத்தில் அணியும் சங்கிலி ஒன்றையும் தாளில் பொதிந்து எடுத்து வந்திருந்தார். அதை அடகு வைத்துப் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டும் என்றார்.

பற்றாக்குறை எப்படி வந்தது? அவருடைய சகோதரி மகன் கைப்பேசியில் கணக்கிட்டு எழுதிக் கொடுத்த தாளில் வட்டி 87,530 ரூபாய் என்று இருந்தது. எங்கள் கணினியோ வட்டி 8,753 ரூபாய் என்றது. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுவும் மெஷின் சொன்னதுதான், அதுவும் மெஷின் சொன்னதுதான். எதை நம்புறது சார்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இரண்டு இயந்திரங்கள் முரண்படும்போது மூன்றாவது இயந்திரத்தைத் தேடுவதால் பயனில்லை. விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நாமே மனத்தால் அறிந்துகொள்ள வேண்டும். அவருக்கு நாங்கள் சொன்ன விடை இரண்டு வரிகளில் அடங்கியது. வட்டி 10 விழுக்காடு என்று கூட்டியே வைத்துக்கொண்டாலும், 2,85,000 ரூபாய்க்கு ஓர் ஆண்டு வட்டி 28,500 ரூபாய்தான். நான்கு மாதம்கூட நிறையாத கடனுக்கு வட்டி 87,000 ரூபாய் ஆக வழியில்லை. தாளை மேலும் பார்த்தபோது காரணம் தெரிந்தது: அசலைத் தட்டச்சு செய்கையில் ஒரு சுழியம் கூடி, 28,50,000 என்று பதிவாகியிருந்தது.

இவ்வாறு மதிப்பிடுவதற்கு, எண்களைக் கையாள எளிய எண்களாக முழுமையாக்குகிறோம். எதை மேலே உயர்த்துவது, எதைக் கீழே இறக்குவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது.

முதலில் பெருக்கலைப் பார்ப்போம். 2,85,000 ரூபாய்க்கு 9.5 விழுக்காடு என்பதில் இரண்டு எண்களையும் உயர்த்தினால், 3 லட்சத்துக்கு 10 விழுக்காடு, அதாவது 30,000. இரண்டையும் இறக்கினால், 2,80,000 ரூபாய்க்கு 9 விழுக்காடு, அதாவது 25,200. உண்மையான விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருந்தாக வேண்டும். ஆகவே, இவை விடைக்கு மேல் எல்லையும் கீழ் எல்லையும் ஆகின்றன. எல்லைகள் வேண்டாம், நெருக்கமான ஒரே எண் போதும் என்றால், ஒன்றை உயர்த்தி மற்றொன்றை இறக்க வேண்டும். 3 லட்சத்துக்கு 9 விழுக்காடு 27,000. சரியான விடை 27,075. ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் குறைத்தது ஈடுசெய்துவிட்டது.

வகுத்தலில் இந்த விதி தலைகீழாகிறது. நகைக்கடன் வாங்குவோர் அடிக்கடி கேட்பது, “கிராமுக்கு எவ்வளவு கிடைத்தது?” என்பதாகும். மேற்சொன்ன கடனுக்கு ஈடாக வைத்த நகையின் நிகர எடை 64.8 கிராம் என்று கொள்வோம். 2,85,000-ஐ 64.8-ஆல் வகுக்க வேண்டும். வகுக்கும் எண் பெருகினால் ஈவு சுருங்கும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஆகவே, தொகையை உயர்த்தி எடையை இறக்கினால் மேல் எல்லை கிடைக்கும்: 3,00,000-ஐ 60-ஆல் வகுக்க 5,000. தொகையை இறக்கி எடையை உயர்த்தினால் கீழ் எல்லை கிடைக்கும்: 2,80,000-ஐ 70-ஆல் வகுக்க 4,000. நெருக்கமான ஓர் எண் வேண்டுமானால், இரண்டையும் ஒரே திசையில் நகர்த்த வேண்டும்: 3,00,000-ஐ 70-ஆல் வகுக்க ஏறத்தாழ 4,290. சரியான விடை 4,398. புள்ளியை விட்டுவிட்டு 648 என்று அழுத்தியவருக்குக் கணிப்பான் 439.8 என்று காட்டும். 4,000-க்கும் 5,000-க்கும் இடையில் இருக்க வேண்டிய விடை அது அன்று என்பது உடனே புலப்படும்.

இதுவரை பார்த்தவை பத்து மடங்குப் பிழைகள். ஒரு சுழியம் கூடுவது, புள்ளி விடுபடுவது ஆகியவை இவ்வகையின. 36,500-ஆல் வகுப்பதற்குப் பதில் 365-ஆல் வகுப்பது நூறு மடங்குப் பிழையைத் தரும்; வட்டி அசலையே மிஞ்சிவிடும். இவை எவையும் முரட்டு மதிப்பீட்டுக்குத் தப்பா. ஆனால் இலக்கங்கள் இடம் மாறினால் என்ன ஆகும்? அதே கடனில் 2,85,000 என்பதை 2,58,000 என்று பதிந்துவிட்டால், வட்டி 7,924 ரூபாய் என்று வரும். 118 நாட்கள் என்பது ஆண்டில் கால் பங்குக்கு மேல், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ். ஆகவே, எல்லைகள் 6,300-உம் 10,000-உம் ஆகின்றன. 7,924 அவற்றுக்குள் அமைதியாக உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே மதிப்பீட்டை ஒரு படி கூர்மையாக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வட்டியைக் கண்டறிவது நல்ல வழி. ஆண்டு வட்டி ஏறத்தாழ 27,000. அதை 360 நாட்களால் வகுத்தால் நாளொன்றுக்கு 75 ரூபாய். வகுத்தல் ஆகையால் இரண்டையும் ஒரே திசையில் இறக்கியிருக்கிறோம் என்பதைக் கவனிக்கவும். 120 நாட்களுக்கு 9,000. இரண்டு நாள் வட்டியான 150-ஐக் கழிக்க 8,850. கணினி சொன்ன 8,753 இதிலிருந்து ஒரு நாள் வட்டியளவே விலகியிருக்கிறது. அது முழுமையாக்கியதால் வந்த வேறுபாடு. 7,924-ஓ பன்னிரண்டு நாள் வட்டிக்கு மேல் குறைகிறது. நாட்களின் எண்ணிக்கையில் அவ்வளவு பிழை இல்லையென்றால், பதிவு செய்த எண்ணில்தான் பிழை என்று தேட வேண்டும்.

மதிப்பீட்டால் பிடிபடாத பிழைகளும் உண்டு. 2,85,400 என்ற அசல் 2,84,500 என்று பதிவானால், 118 நாள் வட்டியில் வேறுபாடு 28 ரூபாய் மட்டுமே. எந்த முழுமையாக்கலும் அதைக் காட்டாது. அதற்கு மருந்து, பதிவு செய்த எண்களை மூல ஆவணத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுவதுதான். எங்கள் கிளையில் ஒருவர் பதிந்ததை மற்றொருவர் சரிபார்ப்பதன் நோக்கங்களுள் இதுவும் ஒன்று. மேலும், இங்கே நாம் கொண்டது சாதாரண வட்டி. மாதந்தோறும் வட்டியை அசலோடு சேர்க்கும் கடன்களில் தொகை சற்றே மிகும். சில மாதக் கடனில் அந்த மிகுதி சிறியதாகையால், மதிப்பீட்டைப் பயன்படுத்தத் தடையில்லை.

ஒரு பழக்கத்தை மட்டும் பரிந்துரைக்கிறோம். மதிப்பீட்டைக் கணிப்பானைத் தொடுவதற்கு முன்பே தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். விடையைப் பார்த்த பிறகு மதிப்பிட்டால், மனம் அந்த விடைக்கு ஏற்றவாறே எண்களை வளைத்துக்கொள்ளும்.

அந்த வாடிக்கையாளர் அன்று 2,93,753 ரூபாய் செலுத்தி நகைகளை மீட்டுக்கொண்டார். கையில் 1,247 ரூபாய் மிஞ்சியது. தாளில் பொதிந்து கொண்டு வந்த சங்கிலியும் அவரோடே வீடு திரும்பியது.