ஸ்கேனில் தலைவலி தெரியுமா?

மாதத்தில் நான்கைந்து தடவை ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும், இருட்டறையில் தூங்கி எழுந்தால் விட்டுவிடும். 12 வருடமாக இதே கதை. 38 வயதில் இப்படி ஒரு பெண், மூளையில் கட்டியோ என்று பயந்து எம்.ஆர்.ஐ. எடுத்தால் என்ன தெரியும்?

தலைவலிக்கான காரணம் எதுவும் தெரியாது என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஸ்கேன் மூளையின் உருவத்தைப் படம் பிடிக்கிறது. கட்டி, ரத்தக்கசிவு, நீர்க்கோர்ப்பு இருந்தால் சொல்லும். இவருக்கு இருப்பது மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி. மூளையைப் போர்த்திய உறைகளிலிருந்தும் ரத்தக் குழாய்களிலிருந்தும் வலியை எடுத்துச் செல்லும் நரம்புகள் தூண்டப்படுவதால் வருவது அது. உருவம் கெடாததால் படத்தில் பிடிபடாது. அதை மருத்துவர் கண்டுபிடிப்பது நோயாளி சொல்லும் விவரத்திலிருந்துதான்.

சிக்கல் ரிப்போர்ட் கைக்கு வந்தபின் தொடங்குகிறது. ‘வெள்ளைப் பகுதியில் சில சிறு புள்ளிகள், குறிப்பிட்ட காரணம் சொல்ல இயலாது’ என்று ஒரு வரி இருக்கும். மைக்ரேன்காரர்களிடமும் வயது ஏறியவர்களிடமும் இந்தப் புள்ளிகள் சகஜம். வலி அவற்றிலிருந்து வருவதில்லை. 2007இல் வெளியான நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், சராசரி 63 வயதுள்ள 2,000 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக் குழாயில் வீக்கமும், 0.9 சதவீதம் பேருக்கு மூளை உறையில் சாதுவான கட்டியும் இருந்தன. தேடிப் போகாமல் கண்ணில் பட்டவை இவை. தலைவலிக்குச் சம்பந்தமில்லாத இப்படி ஒன்று அகப்பட்டாலும் மறு ஸ்கேன், சிறப்பு மருத்துவர், புதுக் கவலை என்று இழுத்துக்கொண்டு போகும்.

ஸ்கேனில் தெரியவே தெரியாத காரணம் ஒன்று உண்டு: வலி மாத்திரை. தலைவலி ஏற்கெனவே உள்ளவர் பாரசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிவந்தால் மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் இதைச் சொல்லாது. என்றைக்கு வலித்தது, எத்தனை மாத்திரை போட்டேன் என்று நாட்காட்டியில் குறித்தால் மருத்துவருக்கு ஒரே பார்வையில் புரியும்.

‘ஸ்கேன் நார்மல்’ என்றாலும் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கும் சோதனையை விடக்கூடாது. தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தும் படம் சரியாகத் தெரியும் நோய் உண்டு; பார்வை நரம்பின் வீக்கம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பழகிய வலி குணம் மாறினாலோ, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, இருமும்போதும் குனியும்போதும் மட்டும் வந்தாலோ ஸ்கேன் தேவைப்படலாம், மருத்துவரைப் பாருங்கள். நொடியில் உச்சத்துக்கு ஏறும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, கை கால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் என்றால் அடுத்த நாள்வரை காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.