அட்சய திருதியை விளம்பரத்தில் எழுத வேண்டிய வரி

அட்சய திருதியைக்கு நகைக்கடைகள் தரும் விளம்பரங்களில் 'செய்கூலி இல்லை' என்ற வரிதான் பெரிதாக நிற்கும். ஆனால் நகையின் விலையில் தங்கம், செய்கூலி இவற்றோடு சேதாரமும் சேர்கிறது. ஒன்றைக் குறைத்து மற்றொன்றை ஏற்றிவிட முடியும்.

கணக்குக்காக கிராம் 10,000 ரூபாய் என்று வைப்போம். ஒரு சவரன் 80,000. ஒரு கடையில் சேதாரம் 10 சதவீதம், செய்கூலி 2,000. கூடுதல் 10,000 ரூபாய். இன்னொரு கடையில் செய்கூலி இல்லை, சேதாரம் 14 சதவீதம். கூடுதல் 11,200 ரூபாய். சலுகை தந்த கடையில்தான் 1,200 ரூபாய் அதிகம். இரண்டுக்கும் மேலே 3 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு.

ஆகவே நேர்மையான விளம்பரம் இப்படி இருக்கலாம்: "நல்ல நாளில் ஒரு கிராம் வாங்கினாலும் மங்கலமே. இந்தச் சங்கிலிக்குச் சேதாரம் 10 சதவீதம். செய்கூலி 2,000லிருந்து 1,000 ரூபாய். ஹால்மார்க் முத்திரையோடு உள்ள ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் நீங்களே சரிபாருங்கள்."

இதில் மரபு முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. சலுகை எவ்வளவு என்பது ரூபாயில் தெரிகிறது. நம்பிக்கையோ, வாங்குபவர் சோதித்துப் பார்க்கக்கூடிய எண்ணில் நிற்கிறது.